இருபது மூட்டை நூலும் ஒரு பில்லும்

திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து நாற்பதாம் நம்பர் நூல் வாங்குகிறது. மார்ச் 30 தேதி போட்ட பில் இது: மூட்டைக்கு 50 கிலோ வீதம் 20 மூட்டை, ஆக 1,000 கிலோ. கிலோ 245 ரூபாய். நூலின் விலை 2,45,000. லாரி வாடகை 2,400. இரண்டும் சேர்ந்து 2,47,400. அதன் மேல் மத்திய ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம் 6,185, மாநில ஜி.எஸ்.டி. அதே அளவு 6,185. மொத்தம் 2,59,770 ரூபாய். கம்பெனிக் கணக்கில் மார்ச் 31 அன்று வரவு வைத்தாகிவிட்டது.

கம்பெனியும் மில்லும் கற்பனை. ஆனால் இப்படியொரு பில்லை ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஆடிட்டர் அலுவலகப் பையன்கள் ஆயிரக்கணக்கில் புரட்டுகிறார்கள். ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக் போட்டு அடுத்த பில்லுக்குப் போகிறார்கள். அந்த டிக்குக்குப் பின்னால் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 500, சான்று திரட்டும் வழிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அவற்றில் அன்றாடம் கையில் புழங்குபவை ஐந்து: கேட்டறிவது, நேரில் நின்று கவனிப்பது, ஆவணத்தையும் பொருளையும் சோதிப்பது, கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது, கம்பெனி ஆட்கள் செய்த வேலையை ஆடிட்டர் தாமே மறுபடி செய்து பார்ப்பது. ஒரே பில்லின் மேல் ஐந்தையும் செலுத்தினால் ஐந்தும் ஐந்து வேறு பதில்களைச் சொல்லும். சில பதில்கள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும்.

வழக்கமாகப் பேச்சில்தான் வேலை தொடங்கும். நூல் வாங்குவது எப்படி நடக்கிறது என்று ஆடிட்டரின் உதவியாளர் அக்கவுண்டன்ட்டிடம் கேட்கிறார்.

“ஆர்டர் போடறது பர்ச்சேஸ் மேனேஜருங்க தம்பி. லோடு வந்ததும் குடோன்ல எடை போட்டு, ஜி.ஆர்.என். எழுதி எங்களுக்கு அனுப்பிருவாங்க. ஆர்டர், ஜி.ஆர்.என்., பில்லு மூணையும் ஒத்துப் பாத்துத்தானுங்க நாங்க என்ட்ரி போடறது.”

“இந்த மார்ச் 30 பில்லுக்கு நூல் என்னைக்குங்க வந்துச்சு?”

“அந்த வாரமே வந்திருக்குமுங்க. கோயமுத்தூர்தானே, காலைல ஏத்துனா மத்தியானம் இங்க.”

ஜி.ஆர்.என். என்பது சரக்கு வந்து சேர்ந்ததற்குக் குடோன் கொடுக்கும் வரவுச் சீட்டு. அக்கவுண்டன்ட் பொய் சொல்கிறார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது பதிலில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: ‘வந்திருக்கும்’. அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, வழக்கத்தை வைத்து ஊகித்ததைச் சொல்கிறார். கேட்டறிவதன் பலம், எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டிவிடுவது. அதன் பலவீனம், பதில் சொல்பவருக்குத் தெரிந்த அளவுக்கு மேல், அல்லது அவர் சொல்ல விரும்பும் அளவுக்கு மேல், அது போகாது. அதனால்தான் வாய்வார்த்தை மட்டும் போதிய சான்றாகாது என்று தரநிலை சொல்கிறது. கெட்டிக்கார உதவியாளர் இதே கேள்வியைக் குடோன் கீப்பரிடமும் கேட் வாட்ச்மேனிடமும் தனித்தனியே கேட்பார். மூன்று பேரின் பதிலும் பொருந்தாத இடம் உடனே தெரிந்துவிடும்.

வாய்வார்த்தையை நம்பி ஏமாந்த கதைகளில் மிகப் பழையது ஒன்று நூல் மில்லிலேயே நடந்தது. இங்கிலாந்தின் கிங்ஸ்டன் காட்டன் மில்லில், கையிருப்புப் பஞ்சும் நூலும் எவ்வளவு என்பதை மேனேஜர் பல ஆண்டுகள் கூட்டியே எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர்கள் அவர் கையெழுத்திட்ட சான்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1896-இல் அப்பீல் நீதிமன்றம், நம்பத் தகுந்த அதிகாரியின் சொல்லை ஏற்றது குற்றமில்லை என்று அவர்களை விடுவித்தது. ஆண்டுத் தொடக்க இருப்போடு அந்த ஆண்டின் கொள்முதலைக் கூட்டி, செலவானதைக் கழித்துப் பார்த்திருந்தால் கையிருப்பு இவ்வளவு இருக்கவே முடியாது என்பது அன்றே தெரிந்திருக்கும். இன்றைக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டி எந்த ஆடிட்டரும் தப்பிக்க முடியாது.

இனி காகிதம். பில்லைச் சோதிப்பது என்றால் கையெழுத்தும் சீலும் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமல்ல. பில் யார் பெயருக்கு? ஜி.எஸ்.டி. எண் இந்தக் கம்பெனியுடையதா, அல்லது இதே முதலாளியின் இன்னொரு கம்பெனியுடையதா? திருப்பூரில் ஒரே குடும்பத்துக்கு மூன்று நிறுவனங்கள் இருப்பது சாதாரணம் என்பதால் இந்தக் கேள்வி வீண் சந்தேகம் இல்லை. மில் பெரியது, ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் போவது, ஆகவே பில் இ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். அப்படியானால் அதன் மூலையில் ஒரு க்யூ.ஆர். கட்டம் இருக்கும். அரசின் சரிபார்ப்புச் செயலியில் அதைக் காட்டினால் விற்றவர், வாங்கியவர் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் திரையில் வரும். அச்சிட்ட பில்லில் யாராவது தொகையை மாற்றியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

கம்பெனிக்குள்ளேயே எழுதப்பட்ட தாளைவிட வெளியாள் கொடுத்த தாளுக்கு மதிப்பு அதிகம். அதைவிட, கம்பெனியின் கை படாமல் ஆடிட்டருக்கு நேராக வந்து சேரும் தகவலுக்கு இன்னும் அதிகம். க்யூ.ஆர். சோதனை இந்த மூன்றாவது வகையில் வருவதால்தான் அதற்கு ஒரு நிமிடம் செலவழிப்பது தகும். ஆனாலும் அது நிரூபிப்பது, இப்படியொரு பில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும்தான். நூல் வந்ததா என்பதைப் பற்றி அந்தக் கட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. சரக்கே நகராமல் பில் மட்டும் கை மாறும் வியாபாரம் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் ஒழியவில்லை.

சரக்கைப் பற்றிச் சொல்லும் தாள் இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர வேண்டுமானால் அது வேண்டும். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பில் விவரம், இரண்டாவதில் வண்டி எண். பலர் முதல் பகுதியின் தேதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நம் பில்லில் முதல் பகுதி மார்ச் 30-இல் பதிவாகியிருக்கிறது. வண்டி எண் ஏறியதோ ஏப்ரல் 2, காலை 9:40. இ-வே பில்லின் செல்லுபடி நேரம் வண்டி எண் ஏறிய பிறகுதான் ஓடத் தொடங்கும். அதாவது நூல் மில் வாசலைத் தாண்டியதே ஏப்ரலில்தான். உதவியாளர் கம்பெனியின் கேட் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்குகிறார். அந்த வண்டி எண், ஏப்ரல் 2, மதியம் 12:25. ‘நூல் 20 மூட்டை’ என்று வாட்ச்மேன் கையெழுத்து.

வண்டி எண்ணையே ஒருமுறை சோதிப்பதும் நல்ல வழக்கம். பீகார் மாட்டுத் தீவன ஊழலில், மாடுகளை ஏற்றி வந்ததாகக் கணக்கில் காட்டிய வண்டிகளில் ஸ்கூட்டர்களும் இருந்தன.

மூன்றாவது, கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது. இதில் சொல்ல அதிகம் இல்லை. ஆயிரத்தை 245-ஆல் பெருக்கி, வாடகையைக் கூட்டி, ஐந்து சதவீத வரி போட்டால் 2,59,770 சரியாக வருகிறது. கணக்கில் வரவு வைத்த தொகையும் அதுவே: நூல் கொள்முதல் 2,47,400, உள்ளீட்டு வரி 12,370. இரண்டு நிமிட வேலை. முடிவும் உறுதியானது, யார் போட்டாலும் அதே விடை. இந்த உறுதிதான் ஆபத்தும்கூட. கூட்டல் பெருக்கல் சரியென்றதும் பில்லே சரி என்ற நிம்மதி வந்துவிடும். எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கால்குலேட்டர் கேட்பதில்லை. 1,000 கிலோ என்பது பொய்யாக இருந்தாலும் பெருக்கல் மெய்யாகத்தான் இருக்கும்.

நான்காவதையும் மூன்றாவதையும் பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். இந்தப் பில்லிலேயே வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒவ்வொரு பில்லின் பின்பக்கமும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறார்கள். ஆர்டர், வரவுச் சீட்டு, விலை என்று மூன்று கட்டம். ஒத்துப் பார்த்தவர் மூன்றிலும் டிக் போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். நம் பில்லில் மூன்று டிக்கும் ஒப்பமும் இருக்கின்றன. ஸ்டாம்ப் இருக்கிறது, டிக் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் அது ஆவணச் சோதனை. டிக் போட்டவர் செய்திருக்க வேண்டிய வேலையை, அவர் டிக்கை மறந்துவிட்டு, ஆடிட்டர் பக்கத்து ஆள் முதலிலிருந்து செய்தால்தான் அது மறுசெயல். பின்னது கணக்கைச் சோதிப்பதில்லை. கம்பெனியின் காவல் ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்கிறது.

உதவியாளர் மூன்று தாளையும் மேசையில் பரப்புகிறார். அளவு: ஆர்டரில் 20 மூட்டை, வரவுச் சீட்டில் 20, பில்லில் 20. விலை: ஆர்டரில் 245, பில்லில் 245. லாரி வாடகை: பில்லில் 2,400. ஆர்டரில்? முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், நிபந்தனைகளின் நடுவே ஒரு வரி: விலை திருப்பூர் குடோன் வரை சேர்த்து, வாடகையும் வழிச் சேதமும் மில்லின் பொறுப்பு. ஆக 2,400 ரூபாயை மில் கேட்டிருக்கவே கூடாது. அதன் மேல் போட்ட வரி 120-ஐயும் சேர்த்து 2,520 ரூபாய் கூடுதலாகப் பில்லில் ஏறியிருக்கிறது. கூட்டல் சரி, பில் தப்பு.

டிக் போட்ட பெண்ணிடம் கேட்டால் காரணம் எளிதாக வருகிறது. பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ஆர்டரின் முதல் பக்கம் மட்டும்தான் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறார்கள். அவர் தன்னிடம் இருந்ததை ஒழுங்காகத்தான் ஒத்துப் பார்த்திருக்கிறார். 2,520 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் முதல் பக்கம் மட்டும் போவது இந்த ஒரு பில்லோடு நிற்காது. அந்த மில்லின் ஆண்டு முழுப் பில்களிலும் வாடகை வரியைத் தேட வேண்டியதாகிறது.

அதே இரண்டாம் பக்க வரி இன்னொன்றையும் தீர்த்து வைக்கிறது. மில் வாசலிலேயே நூல் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும் என்று ஒப்பந்தம் இருந்திருந்தால், சரக்கு எப்போது வந்தது என்பதற்கு இத்தனை முக்கியத்துவம் இருக்காது. இங்கே திருப்பூர் குடோனில் இறங்கும்வரை பொறுப்பு மில்லுடையது. இறங்கியது ஏப்ரல் 2. எனவே மார்ச் 31-இல் முடிந்த ஆண்டின் கணக்கில் இந்தக் கொள்முதல் இருக்கக் கூடாது. அக்கவுண்டன்ட் ஏமாற்றவில்லை. ஆண்டுக் கடைசியில் விற்பனைக் கணக்கைக் கூட்டிக் காட்ட மில் முன்கூட்டியே பில்லைப் போட்டு மெயிலில் அனுப்பியது, இவர் பில் தேதியைப் பார்த்து என்ட்ரி போட்டார். அவ்வளவுதான்.

ஆனால் விளைவைப் பாருங்கள். மார்ச் 31 இரவு குடோனில் மூட்டைகளை எண்ணியபோது இந்த 20 மூட்டை அங்கே இல்லை, ஆகவே கையிருப்பில் சேரவில்லை. கொள்முதலில் மட்டும் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டின் லாபம் 2,47,400 ரூபாய் குறைந்து காட்டுகிறது, மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 2,59,770 கூடிக் காட்டுகிறது. உள்ளீட்டு வரியையும் மார்ச் மாதத்தில் எடுத்திருக்கிறார்கள். சரக்கு கைக்கு வந்தால்தான் அந்த வரிக்கு உரிமை என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்வதால், அது ஏப்ரல் கணக்குக்குப் போக வேண்டியது.

ஐந்தாவது, நேரில் நின்று கவனிப்பது. இதற்கு ஒரு சங்கடம் உண்டு. ஏப்ரல் 2-இல் இறங்கிய லோடை ஜூலையில் கவனிக்க முடியாது. அந்த மூட்டைகளே இப்போது இல்லை. நிட்டிங் யூனிட்டுக்குப் போய், துணியாகி, சாயம் ஏறி, பனியனாகி எந்தக் கப்பலிலோ இருக்கின்றன. அவை இருந்ததற்கு ஆதாரம், லாட் எண் குறித்து நிட்டிங்குக்கு அனுப்பிய டெலிவரி சலான்தான். கவனிக்க முடிவது, இன்று வரும் வேறொரு லோடை இவர்கள் எப்படி வரவு வைக்கிறார்கள் என்பதை.

காலை பத்தரைக்கு ஒரு லாரி வருகிறது. உதவியாளர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் குடோன் ஓரத்தில் நிற்கிறார். லோடுமேன்கள் மூட்டைகளை இறக்குகிறார்கள். குடோன் கீப்பர் விரல்விட்டு எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் பில்லின் நகலைப் பார்த்து வரவுச் சீட்டில் எடையை எழுதுகிறார். எடை மேடையைத் தேடினால் அது மூலையில் இருக்கிறது. அதன் மேல் ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

‘எடை போட்டு’ என்று அக்கவுண்டன்ட் சொன்னது இங்கே உடைகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிகிறது. வரவுச் சீட்டின் எடை பில்லிலிருந்து எடுத்து எழுதியது. அப்படியானால் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒத்துப் பார்க்கிறோம் என்பது உண்மையில் பில்லைப் பில்லோடு ஒத்துப் பார்ப்பது. அது என்றைக்கும் ஒத்துத்தான் போகும். ஆண்டு முழுக்க வரவுச் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் எடைக் கட்டத்தில் எல்லாமே 1,000, 1,500, 500 என்று முழு எண்கள். பருத்தி நூல் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். ஈரம் எட்டரை சதவீதம் என்று வைத்துத்தான் வியாபாரத்தில் பருத்தி நூலின் எடையைக் கணக்கிடுகிறார்கள். உண்மையிலேயே மேடையில் ஏற்றிய நூல் ஒவ்வொரு முறையும் கிராம் பிசகாமல் முழு எண்ணில் நிற்காது. அந்த முழு எண்களே சொல்லியிருக்க வேண்டும். குடோனுக்குப் போகும் முன்பு அவை யார் கண்ணிலும் படவில்லை.

கவனிப்பின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது பார்த்த அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சாட்சி. ஆடிட்டர் நிற்பது தெரிந்திருந்தால் பெட்டிகளை இறக்கி எடை போட்டிருப்பார்கள், சீட்டு அழகாக இருந்திருக்கும். அதனால் எடை போடவில்லை என்பதைக் கண்ணால் கண்டால் அது வலுவான சான்று, எடை போட்டதைக் கண்டால் அத்தனை வலுவில்லை. கவனிப்பைத் தணிக்கையில் கட்டாயமாக்கியதே ஒரு பெரிய மோசடிதான். அமெரிக்காவின் மெக்கெசன் ராபின்ஸ் மருந்துக் கம்பெனியில், 1938-இல், 8 கோடியே 70 லட்சம் டாலர் சொத்தில் சுமார் 1 கோடியே 90 லட்சம் வெறும் எழுத்து என்று தெரிய வந்தது. கனடாவில் இருந்ததாகச் சொன்ன சரக்கு எங்குமே இல்லை. தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, கிடங்குக்குப் போய்ப் பார்த்தவர் மட்டும் இல்லை. கையிருப்பு எண்ணும்போது ஆடிட்டர் அங்கே இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு நடைமுறையானது.

குடோனில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பெட்டிகளை இறக்கச் சொல்லி, மேடையைச் சுழியத்தில் நிறுத்தி, இன்று வந்ததில் ஐந்து மூட்டையை உதவியாளர் தம் கண் முன்னே ஏற்றச் சொல்கிறார். சாக்கு எடை போக 248.1 கிலோ. பில் கணக்குப்படி 250 இருக்க வேண்டும். முக்கால் சதவீதம் குறைவு. இது திருட்டா, வெயிலில் ஈரம் போனதா என்று ஐந்து மூட்டையை வைத்துச் சொல்ல முடியாது. மார்ச் பில்லின் 20 மூட்டைக்கு இதைப் பொருத்திக் கழிக்கவும் கூடாது. எடை போடாமல் வாங்குவதால் ஆயிரம் கிலோவுக்கு எவ்வளவு போகக்கூடும் என்று முதலாளிக்குக் காட்ட இது போதும். ஏழரைக் கிலோ என்றாலும் 1,800 ரூபாய்க்கு மேல்.

இதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு பில்லைப் பிடித்துக்கொண்டு குடோன்வரை போன கதை. இந்தத் திசையில் போனால், எழுதியது உண்மையா என்று தெரியும். எழுதாமல் விட்டது தெரியாது. புத்தகத்தில் இல்லாத பில்லைப் புத்தகத்திலிருந்து எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கு எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும். கேட் ரெஜிஸ்டரில் மார்ச் கடைசி வாரத்தையும் ஏப்ரல் முதல் வாரத்தையும் எடுத்து, உள்ளே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கணக்கில் வரவு எந்த மாதத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். உதவியாளர் அதைச் செய்கிறார். நூல் பில்லைப் போல முன்கூட்டி ஏறியது இன்னும் ஒன்று கிடைக்கிறது. நேர்மாறாகவும் ஒன்று கிடைக்கிறது. மார்ச் 28-இல் பன்னிரண்டு டிரம் சாயப்பொருள் உள்ளே வந்திருக்கிறது. 31-ஆம் தேதி எண்ணியபோது அது கையிருப்பில் சேர்ந்திருக்கிறது. அதன் பில் ஏப்ரல் 9-இல்தான் மெயிலில் வந்தது, அன்றைய தேதியில்தான் என்ட்ரி. மார்ச் கணக்கில் சரக்கு உண்டு, கடன் இல்லை. நூல் பில் லாபத்தைக் குறைத்த மாதிரி இது லாபத்தை ஏற்றியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடும் என்று அக்கவுண்டன்ட் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறார். ஆடிட்டர் இரண்டையும் தனித்தனியே திருத்தச் சொல்லி எழுதுகிறார்.